ஒரு வாக்கியத்துக்கு ஒன்பது மணி நேரம்

எழுதுவதற்குச் செலவே இல்லை என்று எங்கள் மூவரில் முதலில் சொன்னவன் நான்தானாம். எனக்கு நினைவில்லை. ஆனால் படம் வரைந்த தோழிக்கு நன்றாக நினைவிருக்கிறது; இன்றும் சமயம் வாய்த்தால் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக ஓர் அறிவியல் கருத்தைப் பள்ளி மாணவர்களுக்கு விளக்கும் சிறிய அனிமேஷன் படம் செய்ய வேண்டியிருந்தது. இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. எழுத்து என் பொறுப்பு, படம் அவளுடையது, ஒலி இன்னொரு நண்பனுடையது. கையில் பணம் என்று எதுவும் கிடையாது. இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருள், இரவல் மைக், ஒரு பழைய மடிக்கணினி, அவ்வளவுதான். சோப்பு எப்படி எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிறது என்பதைத் தலைப்பாக எடுத்துக்கொண்டோம். பிளெண்டரில் இருபரிமாணப் படம் வரையும் கருவிக்கே கிரீஸ் பென்சில் என்றுதான் பெயர் என்பதை நல்ல சகுனமாகக் கூட எடுத்துக்கொண்டோம். பணம் இல்லாததால், பணம் தேவைப்படாத இடத்தில், அதாவது எழுத்தில், தாராளமாக இருந்துவிடலாம் என்பது என் கணக்கு.

அந்தத் தாராளத்தில் எழுதிய முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "மாலையில் மைதானத்திலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறான் ஒரு சிறுவன். வழியில் சங்கிலி கழன்றுவிடுகிறது. நண்பர்கள் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். அவன் குனிந்து சங்கிலியை மாட்டுகிறான். கை முழுவதும் கிரீஸ்." இன்று படித்தாலும் இதில் பெரிய குறை தெரியவில்லை. ஓர் ஆள், ஒரு சிக்கல், கொஞ்சம் அவமானம், பிறகு அழுக்கான கை. கதை எழுதுகிறவனாக எனக்கு அது பிடித்திருந்தது. மொத்தம் 270 சொற்கள் எழுதி, இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடும் என்ற நம்பிக்கையோடு தோழியிடம் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தாளைத் திருப்பித் தந்தாள். ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை, திருத்தவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் பென்சிலால் ஓர் எண் மட்டும் எழுதியிருந்தாள். முதல் வாக்கியத்துக்கு 9. அடுத்ததற்கு 4. பிறகு 7, 8, 2. நான் அதை மதிப்பெண் என்றுதான் நினைத்தேன். முதல் வாக்கியத்துக்குப் பத்துக்கு ஒன்பது கிடைத்ததில் கொஞ்சம் மகிழ்ச்சியும், கடைசி வாக்கியத்துக்கு இரண்டே இரண்டா என்ற வருத்தமும் இருந்தன. "அது மணி நேரம்" என்றாள். தாளின் அடியில் கூட்டுத்தொகை இருந்தது: 118. அதன் கீழே கோடு போட்டு, அவளிடம் உண்மையில் இருக்கும் நேரத்தை எழுதியிருந்தாள். மாலைக்கு இரண்டு மணி நேரம், இருபது நாள். நாற்பது.

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குப் பல நாள் மனத்தை விட்டுப் போகவில்லை. சைக்கிள் வரும் ஐந்து வாக்கியங்களுக்கு மட்டும் முப்பது மணி நேரம். அதில் சோப்பு என்ற சொல்கூட இன்னும் வரவில்லை. அவளுடைய நேரத்தில் முக்கால் பங்கை எடுத்து, விளக்க வேண்டிய பொருளைத் தொடாமலேயே செலவழித்திருந்தேன். அதைச் செய்ய எனக்கு ஆன நேரமோ ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

வினைச்சொல்லுக்கு ஒரு விலை

ஏன் ஒன்பது என்று கேட்டேன். உருட்டிக்கொண்டு வருகிறான் என்பதுதான் காரணம் என்றாள். நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில், ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்திவைத்தாலும் நொடிக்கு 12 படங்கள் வேண்டும். இரண்டு எட்டு வைக்கும் ஒரு நடைச் சுழற்சிக்கு ஏறக்குறைய ஒரு நொடி. ஆகவே பன்னிரண்டு படங்கள். அதை வரைந்துவிட்டால் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொள்ளலாம். ஆனால் இவன் வெறுமனே நடக்கவில்லை. கை சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்திருக்கிறது. உடல் மேலும் கீழும் அசையும்போது கைப்பிடி அசையக் கூடாது, கை அதை விட்டு விலகவும் கூடாது. சக்கரம் சுற்ற வேண்டும், கம்பிகள் தெரிய வேண்டும், அது சுற்றும் வேகமும் அவன் நடக்கும் வேகமும் பின்னணி நகரும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் பனிக்கட்டியில் நடப்பதுபோல் கால் வழுக்கும். பார்க்கிறவருக்கு எது தவறென்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ தவறென்று தெரிந்துவிடும்.

சிரிக்கும் நண்பர்களுக்கு ஏழு மணி நேரம் ஆனதற்குக் காரணம் வேறு. மூன்று புதிய ஆட்களை உருவாக்கி, நான்கு நொடி காட்டி, பிறகு படம் முழுவதும் அவர்களை எங்கேயும் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறோம். குனிந்து மாட்டுவதற்கு எட்டு ஆனது தொடுதலால். பக்கவாட்டில் நடந்தவனை மடக்கிக் குனிய வைக்க, வரைந்த உறுப்புகள் உதவாது; புதிதாக வரைய வேண்டும். அதோடு விரலும் சங்கிலியும் ஒன்றையொன்று தொடுகின்றன. அனிமேஷனில் இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் நேரம் கரைகிறது என்பது அவளுடைய அனுபவம். எடுத்தான், கொடுத்தான், பிடித்தான், மாட்டினான் என்று நான் சாதாரணமாக எழுதும் ஒவ்வொன்றும் அவளுக்கு ஒரு மாலைப் பொழுது. மாறாக, கை முழுவதும் கிரீஸ் என்ற கடைசி வாக்கியத்துக்கு இரண்டே மணி நேரம். அதில் வினைச்சொல்லே இல்லை.

அதற்குப் பிறகு என் வரைவை நான் வேறு விதமாகப் படிக்கத் தொடங்கினேன். பெயர்ச்சொற்களை விட்டுவிட்டு வினைச்சொற்களை மட்டும் வட்டமிட்டேன். நடப்பது, ஓடுவது, குனிவது, ஏறுவது, கட்டிப்பிடிப்பது எல்லாம் ஒரு பக்கம். நிற்பது, திரும்பிப் பார்ப்பது, கண் சிமிட்டுவது, மறைவது, பெரிதாவது, நகர்ந்து செல்வது இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கத்தில் இருப்பவற்றை ஒரு படத்தை வைத்துக்கொண்டே செய்துவிடலாம். இவற்றில் மிக மலிவானது பெருகுவது. ஒன்றை வரைந்துவிட்டால் அதைப் பன்னிரண்டாக்குவதற்கு நகல் எடுக்கும் நேரம் போதும். கூட்டம் என்றால் விலை அதிகம் என்று நினைத்திருந்தேன். உண்மையில், வேறு வேறு முகமுள்ள மூவர்தான் விலை அதிகம், ஒரே முகமுள்ள பன்னிரண்டு பேர் ஏறக்குறைய இலவசம்.

புரிந்தது என்றாலும் உடனே சைக்கிளை விட மனம் வரவில்லை. முதலில் நான் செய்தது, எல்லாக் கஞ்சர்களும் செய்வதுபோல், கடைசியிலிருந்து வெட்டியது. சோப்பு எப்படி வேலை செய்கிறது என்ற பகுதியில் இரண்டு பத்தியை எடுத்துவிட்டுச் சைக்கிளைக் காப்பாற்றப் பார்த்தேன். அப்படிச் செய்த வரைவை ஒலிக்கான நண்பன் படித்துவிட்டு, "சைக்கிள் பழுதுபார்ப்பதைப் பற்றிய படமா?" என்று கேட்டான். அவன் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே கேட்டான். அன்று இரவு சிறுவனை எடுத்தேன். நண்பர்களை எடுத்தேன். சைக்கிளை எடுக்கும்போது ஒலிக்கான நண்பனே ஒரு வழி சொன்னான். திரை கறுப்பாக இருக்கட்டும். சங்கிலி கழன்று தடதடவென்று சுற்றும் ஓசை மட்டும் கேட்கட்டும். பிறகு நேராகக் கையைக் காட்டு. உண்மையான சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைச் சுற்றி, பத்து நிமிடத்தில் அந்த ஓசையைப் பதிவு செய்துவிட்டான். முப்பது மணி நேரம் மூன்று நொடி கறுப்புத் திரையாகச் சுருங்கியது. படம் முடிந்த பிறகு பார்த்த ஒருவர், "அந்தச் சைக்கிள் பையனை இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம்" என்றார். படத்தில் பையனே இல்லை.

வாலுள்ள ஒரு வட்டம்

சிறுவன் போனதும் படத்துக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. யாரைப் பின்தொடர்வது? அப்போதுதான் எங்கள் வேதியியல் புத்தகமே ஒரு பாத்திரத்தை வரைந்து வைத்திருப்பதைக் கவனித்தோம். சோப்பு மூலக்கூறை எல்லாரும் ஒரு வட்டமும் அதிலிருந்து தொங்கும் வாலுமாகத்தான் வரைவார்கள். வட்டம் மின்னூட்டம் உள்ள தலை. அது தண்ணீரோடு சேரும். வால் நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலி; அது எண்ணெயோடு சேரும். இரண்டு புள்ளி வைத்தால் கண். எளிமையான பாத்திரம் வேண்டுமென்று நாங்கள் எதையும் எளிமையாக்க வேண்டியிருக்கவில்லை.

வாய் வைக்க வேண்டாம் என்று தோழி கண்டிப்பாகச் சொன்னாள். வாய் வைத்தால் அது பேச வேண்டும். பேசினால் ஒலிக்கு ஏற்ப வாயசைவு வேண்டும். குறைந்தது ஆறு வாய் வடிவங்களை வரைந்து, எந்த எழுத்தொலி எந்தப் பிரேமில் விழுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பொருத்த வேண்டும். அதைத் தானாகச் செய்யும் இலவசக் கருவிகள் இருந்தாலும், அவை தவறும் இடங்களைக் கையால் திருத்த உட்கார்ந்தால் நேரம் போய்விடும். அதைவிட மோசம், குரலைப் பதிவு செய்து வாயசைவு முடித்த பிறகு வசனத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. எழுதுகிறவனுக்கு இந்தக் கடைசிக் காரணமே போதுமானதாக இருந்தது. கதை சொல்லும் குரல் வெளியிலிருந்து வரட்டும், பாத்திரம் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

ஆக உணர்ச்சி எல்லாம் கண்ணுக்குப் போனது. திறந்த கண், பாதி மூடிய கண், மூடிய கண், அகல விரிந்த கண் என்று நான்கு. இவற்றில் மூன்றை வைத்துக் கண் சிமிட்டலும் கிடைத்துவிடுகிறது. அசையாமல் நிற்கும் ஒரு படத்தை மூன்று, நான்கு நொடிக்கு மேல் வைத்திருந்தால் வீடியோ நின்றுவிட்டதோ என்று பார்க்கிறவர் சந்தேகப்படுவார்; ஒரே ஒரு கண் சிமிட்டல் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். நான் காட்சி எழுதும்போது, குரல் நீளும் இடங்களில் எல்லாம் "சிமிட்டல்" என்று ஓரத்தில் குறிக்கப் பழகினேன். கடைசியில் வரைய வேண்டியவற்றின் பட்டியல் ஒரு விரற்கடை உயரத்துக்குள் அடங்கியது: சோப்பு மூலக்கூறு ஒன்று, அதற்கு மூன்று மூட்டுள்ள வால், நான்கு கண்கள், தண்ணீர் மூலக்கூறு ஒன்று, கிரீஸ் துளி ஒன்று, கை ஒன்று, குழாய் ஒன்று, அதிலிருந்து விழும் தண்ணீருக்கு நான்கு படங்களில் ஒரு சுழற்சி, இரண்டு பின்னணிகள். வசனத்தில் புதிதாக ஒரு பெயர்ச்சொல் வந்தால் அது இந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் பெரும்பாலும் சொல்லை மாற்றிவிடுவேன்.

இந்த இடத்தில்தான் வழிகாட்டியாக இருந்த பேராசிரியை குறுக்கிட்டார். இரண்டாவது வரைவில் நான் எழுதியிருந்தது: "வாலுக்குத் தண்ணீர் என்றாலே பயம். தண்ணீரைக் கண்டதும் அலறி ஓடி, கிரீஸுக்குள் ஒளிந்துகொள்கிறது." குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். அவர் வாசித்துவிட்டு, "வால் எதற்குப் பயப்படுகிறது?" என்று கேட்டார். நீரை வெறுக்கும் பகுதி என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள் மேடம் என்றேன். வால் எதையும் வெறுக்கவில்லை, வாலுக்கும் தண்ணீருக்கும் இடையே கூட மெல்லிய ஈர்ப்பு உண்டு என்றார் அவர். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பிடியில் கலந்துகொள்ள வாலுக்கு எதுவும் இல்லை. அதனால் அது ஒதுக்கப்படுகிறது. ஓடுவது வாலின் செயல் அல்ல, ஒதுக்குவது தண்ணீரின் செயல். நான் எழுவாயையே மாற்றி எழுதியிருந்தேன்.

திரும்பி வரும்போது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் படத்தில் இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று தோழியிடம் பொரிந்து தள்ளினேன். அவள் பதில் சொல்லாமல் பென்சிலை எடுத்தாள். அலறி ஓடி ஒளியும் வாலுக்கு ஆறு மணி நேரம் என்று முன்பே குறித்திருந்தாள். இப்போது அதை அடித்துவிட்டு, வால் அப்படியே நிற்கட்டும், சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று நெருங்கி வட்டத்தை இறுக்கட்டும் என்றாள். ஒரே மூலக்கூறின் நகல்கள், இடம் மட்டும் மாறுகின்றன. ஒன்றரை மணி நேரம். வாலுக்கு விரிந்த கண் ஒன்று போதும். சரியான விளக்கம் தவறான விளக்கத்தைவிட மலிவாக இருந்தது. எல்லாத் தலைப்பிலும் இப்படி அமையும் என்று நான் நம்பவில்லை. எங்களுக்கு அந்த ஒரு முறை அமைந்தது. ஆனால் அறிவியலை வேடிக்கையாக்குவதாக நினைத்து நான் சேர்த்தவை பெரும்பாலும் அலறல், ஓட்டம், துரத்தல் என்றே இருந்ததையும், அவையெல்லாம் விலை உயர்ந்த வினைச்சொற்கள் என்பதையும் அப்போது கவனித்தேன்.

காதுக்கு முன்னால் கண்

வசனத்தின் நீளத்திலும் ஒரு பாடம் காத்திருந்தது. நிமிடத்துக்கு 140, 150 சொற்கள் என்று ஆங்கில விளக்கப் படங்களுக்குச் சொல்லும் கணக்கை நான் அப்படியே தமிழுக்குப் போட்டுத்தான் 270 சொற்கள் எழுதியிருந்தேன். தமிழில் ஒரு சொல்லுக்குள் எவ்வளவு அடைக்கிறோம்! "ஒட்டிக்கொண்டிருந்ததிலிருந்து" என்பதும் ஒரு சொல்தான். கைப்பேசியில் பதிவு செய்து பார்த்தபோது, பிள்ளைகளுக்குப் புரியும் நிதானத்தில் நிமிடத்துக்கு 85 சொற்களுக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. முதல் வரைவு மூன்று நிமிடத்தைத் தாண்டியது. படத்தை 90 நொடி என்று வைத்துக்கொண்டு, அதில் 15 நொடியாவது குரல் இல்லாமல் படம் மட்டும் ஓட வேண்டும் என்று ஒதுக்கினால், எனக்கு மிஞ்சியது ஏறக்குறைய 105 சொற்கள். அதற்குள் எழுத வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் "ஆகும்", "எனப்படும்", "என்பது குறிப்பிடத்தக்கது" போன்றவை என் கையை விட்டுப் போயின.

நீளத்தைவிடத் தொல்லை தந்தது சொல் வரிசை. தமிழ் வாக்கியம் முக்கியமானதைக் கடைசியில் வைக்கும். படிக்கும்போது அது அழகு. படத்தோடு கேட்கும்போது சிக்கல். "தண்ணீரால் ஒதுக்கப்பட்டு கிரீஸுக்குள் நுழைந்துகொண்ட வால்" என்று எழுதியிருந்தேன். பதிவைப் படத்தோடு சேர்த்து ஓட்டினால், எது ஒதுக்கப்பட்டது, எது நுழைந்தது என்று காது காத்துக்கொண்டிருக்கிறது. கண்ணோ எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டது. "வால்" என்ற சொல் வந்து சேரும்போது திரையில் அடுத்த காட்சி தொடங்கிவிடுகிறது. படத்தைத் தாமதப்படுத்திப் பார்த்தோம். அப்போது குரல் எதைப் பற்றிப் பேசுகிறது என்று தெரியாமல் வெறும் நீல நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. கடைசியில் வாக்கியத்தை உடைத்தேன். "இது வால். தண்ணீரில் இதற்கு இடமில்லை. கிரீஸில் உண்டு." பெயர் முதலில் வருகிறது, அதுவும் படம் தோன்றிய பிறகு. பொருள் திரையில் வந்து அரை நொடி கழித்து அதன் பெயரைச் சொல்வது எங்களுக்குச் சரியாகப் பொருந்தியது. எச்சங்களை அடுக்கி எழுதும் என் பழக்கத்துக்கு இது பெரிய தண்டனை.

அந்தப் பகுதி கடைசியில் எப்படி அமைந்தது என்பதை அப்படியே தருகிறேன். ஒரு தாளை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் படம், வலப்பக்கம் குரல் என்று எழுதியது இது.

படம்: கறுப்புத் திரை. சங்கிலி தடதடக்கும் ஓசை, நிற்கிறது. (3 நொடி)
குரல்: இல்லை.

படம்: கை. உள்ளங்கையில் கறுப்புத் திட்டு. மேலே குழாய், தண்ணீர் விழுகிறது. திட்டு அப்படியே இருக்கிறது. (7 நொடி)
குரல்: தண்ணீர் வந்தது. தண்ணீர் போனது. கிரீஸ் போகவில்லை.

படம்: திட்டு பெரிதாகிறது. நீலத்துக்கு நடுவே கறுப்புத் துளி. ஓரத்திலிருந்து வாலுள்ள வட்டம் மிதந்து வருகிறது. சிமிட்டல். (6 நொடி)
குரல்: இது சோப்பு. ஒரே ஒரு மூலக்கூறு.

படம்: தலை ஒளிர்கிறது, தண்ணீர் மூலக்கூறுகள் அதை நெருங்குகின்றன. பிறகு வால் ஒளிர்கிறது, அவை தங்களுக்குள் இறுகி வாலை ஒதுக்குகின்றன. கண் விரிகிறது. (10 நொடி)
குரல்: தலையைத் தண்ணீர் சேர்த்துக்கொள்கிறது. வால்? தண்ணீரில் இதற்கு இடமில்லை. கிரீஸில் உண்டு.

படம்: வால் துளிக்குள் சரிகிறது. தலை வெளியே. பாதிக் கண். ஒன்று பன்னிரண்டாகிறது. (9 நொடி)
குரல்: வால் உள்ளே. தலை வெளியே. இன்னொன்று. இன்னும் ஒன்று.

இங்கே "இன்னும் ஒன்று" என்பதற்குப் பிறகு குரல் நின்றுவிடுகிறது. துளியைச் சுற்றித் தலைகள் நிறைவதை நான்கு நொடி சும்மா பார்க்க விட்டோம். முந்தைய வரைவில் அந்த இடத்தில் "இப்படிப் பல சோப்பு மூலக்கூறுகள் சேர்ந்து கிரீஸ் துளியைச் சூழ்ந்துகொள்கின்றன" என்று எழுதியிருந்தேன். படம் அதைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது; குரலும் அதையே சொல்வதால் யாருக்கு என்ன லாபம்? படத்தால் காட்ட முடியாததைச் சொல்லத்தான் குரல் வேண்டும். தலைகள் எல்லாம் ஒரே வகை மின்னூட்டம் உடையவை, அதனால் ஒரு துளி இன்னொரு துளியைத் தள்ளுகிறது, உடைந்த துளிகள் மீண்டும் ஒன்றாகச் சேர முடிவதில்லை என்பதை வெறும் படத்தால் சொல்ல முடியாது. மிச்சம் பிடித்த எட்டுச் சொற்களை அங்கே செலவிட்டேன்.

வரைவதற்கு முன் பென்சில் கிறுக்கல்களைக் குரலோடு நேரம் பார்த்து அடுக்கி ஒரு முன்னோட்டம் செய்தோம். அனிமேட்டிக் என்று சொல்வார்கள். மூன்று மாலையில் முடிந்தது. அதை வேதியியலே தெரியாத ஒருவரிடம் காட்டி, "புரிந்ததா?" என்று கேட்டேன். புரிந்தது என்றார். நம்பி எழுந்துவிட்டேன். தோழிதான் நிறுத்தி, "என்ன நடந்தது என்று எங்களுக்குச் சொல்லுங்கள்" என்றாள். "சோப்பு கிரீஸைத் தின்றுவிடுகிறது" என்றார் அவர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வசனத்தில் தேடினால், "கிரீஸ் துளி முழுவதும் விழுங்கப்பட்டது" என்று ஓரிடத்தில் நானே எழுதியிருக்கிறேன். அழகுக்காகப் போட்ட ஒரு வினைச்சொல், தொண்ணூறு நொடிப் படத்தையும் தின்றுவிட்டது. கிரீஸ் அழிவதில்லை, சிறு துளிகளாகப் பிரிந்து, தலைகளால் மூடப்பட்டு, தண்ணீரோடு போகிறது. "விழுங்கப்பட்டது" என்பதை எடுத்துவிட்டு, கடைசிக் காட்சியில் வடிகாலுக்குள் போகும் தண்ணீரில் அந்தக் கறுப்புத் துளிகள் தெரியும்படி செய்தோம். குரல்: "கிரீஸ் அழிந்துவிடவில்லை. தண்ணீரோடு போகிறது." அடுத்து பார்த்த இருவரும் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள். முன்னோட்டத்தில் இதைக் கண்டுபிடித்ததால் மாற்ற அரை மணி நேரம் ஆனது. வரைந்து முடித்த பிறகென்றால் இரண்டு மாலை போயிருக்கும்.

நாற்பது மணி நேரத்தில் முடிப்பதாகப் போட்ட கணக்கு நாற்பத்து மூன்றில் முடிந்தது. அந்த மூன்று மணி நேரமும் விரல்களுக்குள் தண்ணீர் வழியும் ஒரே ஒரு காட்சிக்குப் போயிற்று. தொடுதல். எச்சரிக்கை இருந்தும் நான்தான் எழுதினேன்.

இன்னும் உறுத்துவது வேறொன்று. படத்தில் துளியைச் சுற்றிப் பன்னிரண்டு மூலக்கூறுகள் நிற்கின்றன, அதுவும் தட்டையான வட்டமாக. உண்மையில் அது உருண்டை, அதைச் சூழ்வன எண்ணிக்கையில் மிக மிக அதிகம். பேராசிரியை சொன்னபடி, "இது குறுக்குவெட்டுத் தோற்றம், உண்மையில் எண்ணிக்கை மிக அதிகம்" என்று திரையின் அடியில் ஒரு வரி சேர்த்தோம். அந்த வரி வரும் அதே நேரத்தில் குரல் மின்னூட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருபுறம் கேட்கவும் ஒருபுறம் படிக்கவும் வைத்தால் இரண்டும் நிற்காது என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகளைப் பற்றி நாங்களே திட்ட அறிக்கையில் ஒரு பக்கம் எழுதியிருந்தோம். படம் பார்த்தவர்களிடம் எத்தனை மூலக்கூறு என்று கேட்டால், எல்லாரும் தயங்காமல் பன்னிரண்டு என்கிறார்கள். குரலை நிறுத்தி அந்த வரிக்கு மூன்று நொடி கொடுத்திருக்க வேண்டும். அந்த மூன்று நொடியை எந்த வாக்கியத்திலிருந்து எடுப்பது என்று பழைய தாளை விரித்துவைத்துக்கொண்டு இப்போதும் சில நாள் பார்ப்பதுண்டு. சங்கிலி ஓசையை மட்டும் தர முடியாது என்கிறான் நண்பன்.